பிரசங்கத்துக்கு மதிப்பெண்: சக மாணவர் தாள் எதை அளக்கிறது?

இறையியல் கல்லூரியின் பிரசங்க வகுப்பில் ஒரு மாணவர் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசுவார். மற்றவர்கள் சபையாராக உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு கருத்துச் சொல்லும் நேரம் வரும். “ரொம்ப ஆசீர்வாதமா இருந்தது பிரதர்” என்று நாலு பேர் சொல்வார்கள். “இன்னும் கொஞ்சம் ஜெபிச்சு ஆயத்தப்படுத்தியிருக்கலாம்” என்று ஒரு சீனியர் சொல்வார். இரண்டையும் வைத்துக்கொண்டு, பேசியவர் அடுத்த பிரசங்கத்தில் எதையும் மாற்ற முடியாது. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் சக மாணவர்கள் நிரப்பும் மதிப்பெண் வழிகாட்டி. ஒரு தாள், ஐந்து தலைப்புகள்: வேதபகுதிக்கு உண்மையாயிருத்தல், மையக் கருத்து, அமைப்பு, வாழ்க்கைப் பயன்பாடு, பேசும் விதம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 20.

பிரசங்கத்தை அளப்பதே தவறு, அது ஆவியானவரின் செயல் என்று மறுப்பவர்கள் உண்டு. ஆனால் கி.பி. 5ஆம் நூற்றாண்டிலேயே அகஸ்தீன், ‘கிறிஸ்தவ போதனையைப் பற்றி’ என்ற நூலின் நான்காம் பகுதியில், ரோமப் பேச்சுக்கலையிலிருந்து கற்பித்தல், இன்புறுத்தல், அசைத்தல் என்ற மூன்று நோக்கங்களை எடுத்துப் போதகருக்குப் பொருத்தினார். ஜெபமும் வேண்டும், பேசும் திறனும் கற்கத்தக்கது என்பது அவர் நிலை. கற்கத்தக்க பகுதியைச் சோதிக்கலாம் என்றால் தாளுக்கு இடமுண்டு. அது சோதிப்பதாகச் சொல்வதைத்தான் உண்மையில் சோதிக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் அதன் பலம். தாள் கேட்பவரின் கவனத்தைப் பிரித்துத் தருகிறது. கேட்டு முடித்ததும் நமக்குள் இருப்பது ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரே உணர்வுதான். கதை நன்றாயிருந்தது, ஆனால் வேதபகுதியோடு ஒட்டவில்லை என்று பிரித்துச் சொல்லத் தலைப்புகள் கற்றுத் தருகின்றன. இன்னொரு பலன் மதிப்பிடுகிறவருக்கே. பத்துப் பேரின் பிரசங்கத்தில் மையக் கருத்தைத் தேடிப் பழகியவர், தன்னுடையதை எழுதும்போதும் அதைத் தேடுவார். சக மாணவர் மதிப்பீட்டின் பெரிய லாபம் பீடத்தில் நின்றவரைவிட இருக்கையில் இருந்தவருக்கே கிடைக்கிறது என்று சொல்வது மிகையல்ல.

இனி பலவீனம். அதைக் காண ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 20:1–16, திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமை. மாணவர் விடியற்காலையில் கூலி வேலைக்குக் காத்து நிற்கும் கொத்தனார், சித்தாள் கூட்டத்தைக் காட்டித் தொடங்குகிறார். பிறகு, முழு நாள் உழைத்தவர்களின் முறுமுறுப்பைப் பேசி, பொறாமையைக் கண்டிக்கிறார். அடுத்து, மரணப் படுக்கையில் மனந்திரும்பிய ஒரு முதியவரின் கதை. கடைசியில், ஆலயத்தில் துப்புரவு செய்கிறவருக்கு நியாயமான கூலி கொடுங்கள் என்ற அறைகூவல். குரல் கணீரென்று இருக்கிறது, பேச்சில் தடுமாற்றமே இல்லை. ஆறு பேர் தாளை நிரப்புகிறார்கள். ‘மையக் கருத்து’ என்ற தலைப்பில் ஐந்து பேர் 4, ஒருவர் 3 கொடுக்கிறார்கள். அதாவது, கருத்து மிகத் தெளிவு.

அதே ஆறு பேரிடம், மதிப்பெண் போடுவதற்கு முன், “இந்தப் பிரசங்கம் என்ன சொன்னது? ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்” என்று கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? தேவனுடைய தயவு உழைப்பின் அளவுப்படி வருவதில்லை என்று இருவர் எழுதுவார்கள். பிறர் பெறுவதைக் கண்டு பொறாமைப்படாதே என்று இருவர். காலம் கடந்தாலும் மனந்திரும்பலாம் என்று ஒருவர். தொழிலாளிக்கு நியாயக் கூலி கொடு என்று ஒருவர். ஆறு பேர் நான்கு பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறார்கள். நான்கும் நல்ல கருத்துகள்தான், ஆனால் மையம் என்று ஒன்று இல்லை. தாளோ அந்தத் தலைப்புக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண் தந்துவிட்டது.

இது ஏன் நேர்கிறது? 1920இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், ராணுவ அதிகாரிகளை அவர்களின் மேலதிகாரிகள் மதிப்பிட்ட விதத்தை ஆராய்ந்தார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, நற்குணம் என்று தனித்தனியாகக் கேட்டும், விடைகள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஆளைப் பற்றிய ஒரு பொதுவான அபிப்பிராயம் எல்லாத் தலைப்புகளிலும் கசிந்திருந்தது. பிரசங்கத் தாளில் அந்தக் கசிவு பெரும்பாலும் கடைசித் தலைப்பான பேசும் விதத்திலிருந்து மேலே ஏறுகிறது. குரல் நன்றாயிருந்தால் அமைப்பும் நன்று, கருத்தும் நன்று. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நிரப்பிய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் ஐந்து தலைப்புகளுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தால், அவர் ஒரு முறைதான் மதிப்பிட்டிருக்கிறார், ஐந்து முறை எழுதியிருக்கிறார்.

பேசும் விதம் என்ற தலைப்புக்குள் வேறொரு அநியாயமும் இருக்கிறது. ‘கம்பீரமான குரல், தூய தமிழ்’ என்று நான்காம் நிலையை விவரிக்கும் தாள், பெண் மாணவரையும் கிராமத்து வட்டார வழக்கில் பேசுபவரையும் தொடங்குமுன்பே ஒரு படி இறக்கிவிடுகிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்ற பெயரில், ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு வழக்கிலும் நாட்டுப்புற இசையிலும் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். அந்த வழக்கில் பிரசங்கிக்கும் மாணவருக்கு ‘தூய தமிழ்’ என்ற அளவுகோல் என்ன மதிப்பெண் தரும்? இங்கே மாற்ற வேண்டியது நிலைகளின் விவரணை. ‘கம்பீரம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘கடைசி வரிசைக்கு ஒவ்வொரு வாக்கியமும் கேட்டது’ என்று எழுதலாம். ‘தூய தமிழ்’ என்பதற்குப் பதிலாக, ‘விளக்கம் இல்லாமல் விட்ட கடினச் சொற்கள் எவை’ என்று கேட்கலாம். பழைய விவரணை கேட்பது ரசனையை, புதியது கேட்பது கவனிப்பை. சக மாணவரிடம் கேட்கத் தக்கது கவனிப்பைத்தான்.

அமைப்பு என்ற தலைப்பும் நடுநிலையானதல்ல. ‘முன்னுரையில் மையக் கருத்தைச் சொன்னார், மூன்று குறிப்புகளில் விளக்கினார், முடிவில் தொகுத்தார்’ என்பது பல தாள்களில் முழு மதிப்பெண்ணுக்கான விவரணை. இது ஒரு வகைப் பிரசங்கத்தின் வடிவம் மட்டுமே. 1971இல் வெளிவந்த ஃபிரெட் கிராடக்கின் நூல், முடிவை முதலில் அறிவிக்காமல், கேட்போரை அதை நோக்கி நடத்திச் செல்லும் பிரசங்கத்தை வலியுறுத்தியது. 1980இல் யூஜின் லௌரி, பிரசங்கத்தைச் சிக்கலில் தொடங்கி அவிழ்ப்பில் முடியும் கதைப்போக்காக அமைக்கச் சொன்னார். நம் உவமையையே பாருங்கள். கூலி கொடுக்கும் நேரம் வரும்வரை தோட்டத்து எஜமானின் மனம் யாருக்கும் தெரியாது. அந்தப் போக்கைப் பின்பற்றி முடிவை இறுதிவரை மறைத்து வைக்கும் மாணவர் வேதபகுதியின் வடிவத்துக்கே உண்மையாயிருக்கிறார். தாளோ ‘முன்னுரையில் மையக் கருத்து இல்லை’ என்று 1 போடும். ‘முன்னுரையில்’ என்பதை ‘முடிவதற்குள்’ என்று மாற்றினால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது முதல் தலைப்பு. வேதபகுதிக்கு உண்மையாயிருந்தாரா என்று சொல்ல, கேட்டவர் அந்தப் பகுதியைப் படித்திருக்க வேண்டும். நம் மாதிரியில் மரணப் படுக்கைக் கதை எல்லார் மனதையும் உருக்கியது. ஆனால் உவமையில் கடைசி மணியில் வந்தவர்கள் அழைப்பை மறுத்துவந்தவர்கள் அல்ல. தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றே 7ஆம் வசனத்தில் சொல்கிறார்கள். தாமதமான மனந்திரும்புதலுக்கு அங்கே இடமில்லை. அதோடு, இந்த உவமை முந்தைய அதிகாரத்தில் பேதுரு கேட்ட கேள்விக்குத் தொடர்ச்சி: எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும்? அதைப் படிக்காதவருக்கு, முறுமுறுத்தவர்கள் யாரைக் குறிக்கிறார்கள் என்பது பிடிபடாது. அவர் இந்தத் தலைப்புக்குப் போடும் 4, பேசியவரின் உறுதியான தொனிக்குப் போட்டது. இரண்டு கிரேக்கச் சொற்களை உச்சரித்தாலே அந்த 4 கிடைத்துவிடும். ஆகவே, ஒவ்வொரு வாரமும் இருவரை முன்னதாக அந்த வேதபகுதியைப் படித்து வரச் செய்து, அந்த இருவரும் ஆசிரியரும் மட்டும் இதை மதிப்பிடுவது நேர்மை. மற்றவர்கள் இந்தக் கட்டத்தைக் காலியாக விடட்டும்.

உறவுகளின் இழுப்பையும் மறக்க முடியாது. ஒரே விடுதியில் இருப்பவர்கள், ஒரே திருமண்டலத்துக்குத் திரும்பப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுகிறார்கள். அது தேர்ச்சி மதிப்பெண்ணோடு கூட்டப்படும் என்றால், எல்லாரும் 17க்கும் 19க்கும் இடையில் வந்து நிற்பார்கள். “அண்ணனுக்கு எப்படிக் குறைச்சுப் போடுறது?” என்ற தயக்கம் கோழைத்தனம் அல்ல. தவறான கேள்வியைக் கேட்டதன் விளைவு. பெயரில்லாமல் வாங்கினால் தயக்கம் குறையும், ஆனால் ஆறேழு பேர் வகுப்பில் கையெழுத்தே பெயரைச் சொல்லிவிடும், பொறுப்பும் போய்விடும். சரியான வழி, சக மாணவரின் எண்ணைத் தேர்ச்சி மதிப்பெண்ணிலிருந்து பிரிப்பதுதான். மதிப்பெண் ஆசிரியருடையது, சாட்சி சக மாணவருடையது.

இந்த வழிகாட்டியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். தாமஸ் லாங் 1989இல் எழுதிய பிரசங்க நூல் இரண்டு கேள்விகளைப் பிரிக்கிறது: பிரசங்கம் என்ன சொல்ல விரும்புகிறது, கேட்போரிடம் என்ன நிகழ்த்த விரும்புகிறது. பேசுகிறவர் இந்த இரண்டுக்கும் தன் விடையை முன்னதாக எழுதி, மடித்து ஆசிரியரிடம் கொடுக்கட்டும். கேட்டவர்கள் தாளைத் தொடுமுன் அதே இரண்டுக்கும் தாங்கள் கேட்டதை எழுதட்டும். இரண்டையும் ஒப்பிடும்போது தெரியும் இடைவெளியே பேசியவருக்குக் கிடைக்கும் மிகத் துல்லியமான திறனாய்வு. அதன் பின் மதிப்பெண், அதுவும் ஒவ்வொரு எண்ணுக்கும் பிரசங்கத்தில் தான் கேட்ட ஒரு வாக்கியத்தையோ கதையையோ சான்றாகக் காட்டி. சான்று எழுத முடியாத எண்ணை அடித்துவிடலாம். ஐந்தையும் கூட்டி 20க்கு என்று ஒரு தொகை போடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். மையமே இல்லாத பிரசங்கத்தின் குறையைக் குரலின் 4 ஈடுகட்டிவிடுவது அந்தக் கூட்டலில்தான்.

இப்படி மாற்றினாலும் ஒரு எல்லை மிஞ்சும். வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் இறையியல் மாணவர்கள். ஞாயிற்றுக்கிழமை முன்னால் உட்காரும் பாட்டியும், வாசலருகே நிற்கும் வாலிபனும் அங்கே இல்லை. அகஸ்தீன் சொன்ன மூன்றில் கற்பித்தலை இந்தத் தாள் நன்றாகச் சோதிக்கும், அசைத்தலை அரைகுறையாகத்தான் சோதிக்கும். ஆகவே பிரசங்க ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பருவத்தில் தாளின் முதல் வரியாக “நான் கேட்டது என்ன?” என்ற கேள்வியை வையுங்கள், கடைசி வரியிலிருந்து மொத்த மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள்.