நினைவு நாளுக்கு நாலு வரி

திட்டக்குடி பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் இரண்டு மூன்று நினைவஞ்சலிப் பதாகைகளாவது கண்ணில் படும். மேலே ஒரு மூலையில் குத்துவிளக்கு, மறு மூலையில் மெழுகுவர்த்தி. நடுவில் ஆதார் அட்டைக்கோ, பேரன் கல்யாணத்துக்கோ எடுத்த படத்தை வெட்டி ஒட்டி, பின்னால் மேகம் போட்டிருப்பார்கள். இடப்பக்கம் ‘தோற்றம்’, வலப்பக்கம் ‘மறைவு’. அதற்குக் கீழேதான் அந்த வரிகள் வரும்: குலவிளக்கே, குடும்பத்தின் ஆணிவேரே, எங்கள் தெய்வமே, கண்ணீர்க் கடலில் தவிக்கிறோமே. அடுத்த தெருப் பதாகையிலும் இதே வரிதான். ஆள் மட்டும் வேறு.

இதற்குக் காரணம் துக்கம் போலியானது என்பதல்ல. பதாகை தயாராகும் முறை அப்படி. அச்சுக் கடையில் கணினியில் உட்கார்ந்திருக்கும் தம்பியிடம் பத்து மாதிரிகள் இருக்கும். நினைவு நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் மூத்த மகன் போய் நிற்பார். ‘அப்பாவுக்கா, அம்மாவுக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. அதைப் பொறுத்து ஒரு கோப்பு திறக்கும். படத்தையும் பெயரையும் தேதியையும் மாற்றுவார்கள். கவிதை அப்படியே நிற்கும். பேச்சு நீளுவதெல்லாம் கீழே வரும் பெயர்ப் பட்டியலில்தான். சித்தப்பா பெயர் மாமா பெயருக்கு மேலே வருமா கீழே வருமா என்பதற்குக் கொடுக்கும் நேரத்தில் கால் பங்கைக்கூட இறந்தவரைப் பற்றிய வரிக்கு யாரும் கொடுப்பதில்லை. அந்த வரியிலேயே இன்னொரு கோளாறும் உண்டு. ‘உன்னை இழந்து’ என்று தொடங்கி ‘உங்கள் பிரிவால்’ என்று முடியும். இரண்டு மாதிரிகளை வெட்டி ஒட்டியது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இதே காரியத்தை யாழ்ப்பாணத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கு உதவும். ஊரும் தூரமல்ல. ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். நம் மாவட்டத்துக்கும் அந்த மண்ணுக்கும் போக்குவரத்துப் பழையது.

அங்கே நினைவு வரியின் முதல் இடம் சுவர் அல்ல, செய்தித்தாள். ‘உதயன்’, ‘வீரகேசரி’ போன்ற நாளிதழ்களில் வரும் நினைவஞ்சலிக்குத் திட்டமான ஒரு நடை உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டிருந்த அமரர் இன்னார் என்று தொடங்கும். தேதிகளுக்கு மேலே ‘மலர்வு’, ‘உதிர்வு’ என்றோ, ‘அன்னை மடியில்’, ‘ஆண்டவன் அடியில்’ என்றோ இருக்கும். கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், பிரான்ஸ் என்று நாடுகள்.

இந்தப் பிறப்பிடம், வசிப்பிடம் வாசகத்தை ஒரு சடங்கு வாசகம் என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் அதில் ஒரு வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் பிறகு வன்னியில் இருந்து, பிள்ளைகளோடு டொரண்டோவில் கண்ணை மூடியிருந்தால், அவருடைய நினைவஞ்சலியின் முதல் வரியிலேயே மூன்று ஊர் வந்துவிடும். ‘துயரம்’ என்ற சொல் அங்கே தேவைப்படுவதில்லை. ஊர்ப் பெயர்களே போதும். படிக்கிறவருக்கு நடுவில் நடந்தது தெரியும்.

இன்னொன்று கல்வெட்டு. கல்லில் வெட்டுவதல்ல, சிறு புத்தகம். அந்தியேட்டி எனப்படும் 31-ஆம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். நினைவு மலர் என்றும் சொல்வதுண்டு. தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்சாவழி எல்லாம் இருக்கும். அதில் திதி வெண்பா என்று ஒன்று வரும். நான்கு அடி, பதினைந்து சீர். எந்தத் தமிழ் ஆண்டு, எந்த மாதம், பூர்வ பக்கமா அபர பக்கமா, என்ன திதி, யார் இறைவனடி சேர்ந்தார் என்பதை அந்தப் பதினைந்து சீருக்குள் அடக்கிவிட வேண்டும். அழுவதற்கு இடமே கிடையாது. பேரன் காலத்தில் பஞ்சாங்கத்தை எடுத்துத் திவசம் பார்ப்பதற்கான குறிப்பு அது. பாட்டாக இருப்பதால் மறக்காது, தப்பாகப் படி எடுப்பதும் கடினம். ஈழத்து நூல்களைச் சேகரிக்கும் நூலகம் இணையத்தளத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்கள் ஏராளமாக இருக்கின்றன.

ஆனால் யாழ்ப்பாணத்தவர் எல்லோரும் அடக்கமாக எழுதுகிறவர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே கல்வெட்டில் திதி வெண்பாவுக்குப் பின்னால் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பக்கம் பக்கமாக வரும். எழுதியவர் ஊரில் உள்ள ஒரு புலவர்; புலம்புகிறவர்கள் அதை அச்சில்தான் முதலில் பார்த்திருப்பார்கள். நம் அச்சுக்கடைத் தம்பியின் கோப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை, யாப்பைத் தவிர. இரண்டு கரையிலும் மிகை ஒன்றுதான். அங்கே மிகைக்குப் பக்கத்தில் ஒரு தகவல் வரியும் கட்டாயமாக இருக்கிறது, நம்மிடம் அது இல்லாமல் போய்விட்டது. எனக்குப் படுகிற வேறுபாடு இதுதான்.

ஒரு ஆளை வைத்தே எழுதிப் பார்ப்போம். பேர் வேண்டாம். திட்டக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டு 4, ஞாயிற்றுக்கிழமை காலமானார். முந்தின நாள் ஆடிப்பெருக்கு. அன்றைக்கு ஆடி அமாவாசை. ஓராண்டு ஆகிறது, பிள்ளைகள் ஒரு வரி எழுத வேண்டும்.

கடை மாதிரியில் போனால் இமயமே, சிகரமே என்று வரும். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதருக்கு இமயம் பொருந்தாது. முதலில் எல்லா விளிகளையும் அடியுங்கள். ‘கண்ணீர்’, ‘கடல்’, ‘தீராத’, ‘மீளாத’ ஆகியவற்றையும் அடியுங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அப்பா தினமும் என்ன செய்வார்? அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நல்லவர், வல்லவர் என்றுதான் பதில் வரும். என்ன செய்வார் என்று கேட்டால் பதில் வேறாக வரும். காற்றடிக்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் காசு வாங்க மாட்டார் என்று சின்ன மகள் சொல்கிறாள். அதை அப்படியே எழுதலாம்:

‘அப்பா, காத்தடிக்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் நீங்கள் ஒரு நாளும் காசு வாங்கியதில்லை. கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். உங்களை நினைத்துக்கொள்கிறோம்.’

மூன்று வாக்கியம். முதலாவது அவர் செய்தது, இரண்டாவது அது இன்னும் நிற்பது, மூன்றாவது நாம். இந்த வரிசையில் நம்மைக் கடைசியில் வைத்ததால்தான் அழுகை கட்டுக்குள் நிற்கிறது. ‘நாங்கள் தவிக்கிறோம்’ என்று தொடங்கியிருந்தால் பதாகை நம்மைப் பற்றியதாகியிருக்கும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. படத்தை எடுத்துவிட்டு வேறொருவர் படத்தை வைத்துப் படியுங்கள். பொருந்தினால் இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம்.

இதே மனிதருக்கு யாழ்ப்பாண நடையில் ஒரு முதல் வரி சேர்க்கலாம்: ‘திட்டக்குடியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டு, சைக்கிள் கடை நடத்திவந்த அமரர்.’ பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடித்தவர் என்பது இந்தக் காலத்தில் சொல்ல வேண்டிய செய்திதான். கூடவே ஒரு வரி: ‘குரோதி ஆண்டு, ஆடி 19, அமாவாசை.’

இந்தக் கடைசி வரி ஏன் என்பதற்கு அடுத்த வருடமே பதில் கிடைக்கும். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு. அதனால் திதி ஆங்கிலத் தேதியோடு நிற்காது. 2025-இல் ஆடி அமாவாசை ஜூலை 24 அன்றே வந்துவிட்டது. படையல் போடுகிறவர்கள் அன்றைக்கு முடித்துவிட்டிருப்பார்கள். பதாகையும் செல்பேசி நிலைத்தகவலும் ஆகஸ்டு 4 என்று சொல்லும். இரண்டும் சரிதான். தேதி மட்டும் அச்சாகி, திதியை மனதில் வைத்திருந்த அத்தையும் போய்விட்டால், அப்புறம் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி அலைய வேண்டும்.

இலங்கையில் இன்னொரு வழக்கம் உண்டு. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கும் விரதம் இருப்பார்கள். ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கடற்கரையில் கூட்டம் நிற்கும். நம் பக்கம் ஆடி, தை, புரட்டாசி அமாவாசைகளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே செய்துவிடுகிறோம். போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கோ இதில் எதுவும் எளிதல்ல. ‘உதிர்வு’ என்று எழுத அவர்களிடம் தேதி இல்லை. அந்தச் சொல்லை எழுதவே மாட்டோம் என்று இன்றும் பதில் கேட்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடக்கமாக எழுதுங்கள் என்று யோசனை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

பதாகையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் வைத்த பதாகை சரிந்து, ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ என்ற இளம் பொறியாளர் இறந்தார். அது கல்யாணப் பதாகை. நினைவஞ்சலிப் பதாகை விழுந்தாலும் அப்படித்தான் விழும். கடைச் சுவரில் இரண்டுக்கு மூன்று அடியில் ஒன்று போதும். இடம் குறைந்தால் வரியும் தானாகக் குறையும்.

இனி அச்சுக் கடைக்குப் போகும்போது வரியை வீட்டிலேயே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்று ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மறைந்து ஒரு வருடம் முடிந்தால்தான் முதலாம் ஆண்டு. எண்ணிக்கையைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். மறைவுத் தேதிக்குக் கீழே தமிழ் மாதத்தையும் திதியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.