குரோபார் போர்டு: தாமதம்தான் குறை

ஆரணிப் பட்டுத்தறி ஒன்றின் மின்னணு ஜக்கார்டுக்கு 5 வோல்ட் தரும் பவர் சப்ளையில், கடையில் ரெடியாகக் கிடைத்த குரோபார் போர்டைப் பொருத்தி, வந்தவாசியிலிருந்து போய்வந்து சில வாரங்களாகக் கவனித்து வருகிறேன். எம்.சி.3423 ஐ.சி., ஒரு தைரிஸ்டர், சில மின்தடைகள், அவ்வளவுதான். வோல்டேஜ் எல்லை மீறினால் ஐ.சி. தைரிஸ்டரைத் தூண்டும், அது அவுட்புட்டை ஷார்ட் செய்யும், ஃபியூஸ் போகும்.

ஒருமுறைகூடத் தவறாக ட்ரிப் ஆகவில்லை. தறிக்காரர்களுக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கோ அதுதான் சந்தேகத்தைத் தந்தது.

முதலில் ட்ரிப் அளவு. போர்டை 6.2 வோல்ட்டுக்கு வைத்து விற்கிறார்கள். 7 வோல்ட் தாங்கும் பழைய டி.டி.எல். ஐ.சி.களுக்கு அது சரி. இந்தத் தறியில் இருக்கும் ஏடிமெகா328 தாங்குவது 6 வோல்ட்தான். கணக்கு எளிது: 2.6 × (1 + R1/R2). R1-க்கு 3.3 கிலோ ஓம், R2-க்கு 2.7 கிலோ ஓம் போட்டால் 5.78 வோல்ட். ஆனால் அந்த 2.6 என்பது ஐ.சி.க்கு ஐ.சி. 2.45 முதல் 2.75 வரை மாறும். அதனால் ட்ரிப் 6.1 வரைகூடப் போகலாம். பிரீசெட் வைத்து, அளந்து திருப்புவதே வழி.

பெரிய குறை தாமதம். ஐ.சி.யின் தாமதக் கெபாசிட்டராக 0.1 மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறார்கள், அது 1.2 மில்லி விநாடி. 2என்3055 டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி 10 ஆம்பியர் பாய்ந்தால், அவுட்புட்டில் உள்ள 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மில்லி விநாடிக்கு 21 வோல்ட் ஏறும். தைரிஸ்டர் விழிப்பதற்குள் உள்ளே வரும் 12 வோல்ட் முழுவதும் கன்ட்ரோலருக்குப் போயிருக்கும். தவறாக ட்ரிப் ஆகாத ரகசியம் இதுதான்.

அதை 0.001 மைக்ரோஃபாரடாக மாற்றினால் தாமதம் 12 மைக்ரோ விநாடி. அதற்குள் ஏறுவது கால் வோல்ட்தான். அதையும் கழித்து ட்ரிப்பை 5.6-க்கு இறக்கினேன். உடனே ஜக்கார்டு காந்தச் சுருள்களின் ஸ்பைக்கில் ட்ரிப் ஆனது. அதற்கு மருந்து கெபாசிட்டரைப் பெரிதாக்குவதல்ல. ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் டயோடு போட்டு, அளக்கும் வயரை அவுட்புட் கெபாசிட்டரின் கால்களிலிருந்தே எடுத்ததும் நின்றது.

ஃபியூஸ் அவுட்புட்டில் வேண்டாம், டிரான்சிஸ்டருக்கு முன்னால் இருக்கட்டும். தைரிஸ்டர் கருகுமுன் அது போகவேண்டும்.

வோல்டேஜை மெல்ல ஏற்றிச் சோதித்தால் இந்தத் தாமதக் குறை தெரியாது. ட்ரிப் அளவு மட்டும் தெரியும். கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, திடீரென ஏற்றி ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். போர்டு வாங்கலாம், பெட்டியிலிருந்து எடுத்தபடியே பொருத்தாதீர்கள்.