இரண்டாவது லிட்டர்

பெருங்குடல் எண்டோஸ்கோபிக்கு நாள் குறித்ததும் நோயாளியின் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். முதல் நாள் கீரை, காய்கறி, பழம், பருப்பு வேண்டாம். இட்லி, குழைந்த சாதம், தயிர் போதும். பிறகு தெளிந்த நீராகாரம் மட்டும். உணவைப் பற்றித் தாள் சொல்வது பெரும்பாலும் சரிதான். கொய்யா விதையும் முருங்கைக்கீரையும் குழாயின் உறிஞ்சும் வழியை அடைக்கக்கூடியவை. 'தெளிந்த' என்றால் கண்ணாடி டம்ளருக்கு அப்பால் எழுத்து தெரிய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் கஞ்சியும் பால் டீயும் நீராகாரக் கணக்கில் சேர்ந்துவிடும். வடிகட்டிய ரசம், இளநீர், பால் சேர்க்காத டீ என்று பெயர் சொல்லிவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் பொட்டாசியம் மிகுந்த இளநீர் ஆகாது.

தாள் சறுக்குவது பேதி மருந்தின் நேரத்தில். பாலிஎத்திலீன் கிளைகால் பொடியை இரண்டு லிட்டர் நீரில் கரைத்து, முதல் நாள் மாலையே முழுவதும் குடிக்கச் சொல்லும் தாள்கள் இன்னும் புழங்குகின்றன. அப்படிக் குடித்தால் இரவில் குடல் கழுவப்பட்டாலும், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த கசடு இறங்கி வலப்பக்கப் பெருங்குடலில் படிந்துவிடும். கண்ணுக்குத் தப்பும் தட்டையான கட்டிகள் அதிகம் இருப்பதும் அங்கேதான். அதனால் பாதியை மாலையில் குடித்து, மறுபாதியைச் சோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு தொடங்கி, இரண்டு மணி நேரத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்று 2014-இலேயே அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்தது. வயிற்றில் நீர் இருந்தால் மயக்க மருந்தின்போது புரையேறாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் முதல் நாளே குடித்தவர்களைவிட இப்படிப் பிரித்துக் குடித்தவர்களின் இரைப்பையில் கூடுதல் நீர் தங்குவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பயணத்தை முன்வைக்கும் மறுப்பு இதைவிடக் கனமானது. திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையிலிருந்து சென்னைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. காலை ஒன்பது மணிச் சோதனை என்றால் நான்கு மணிக்கு மருந்தைக் குடித்துவிட்டு, வயிறு அடங்குமுன்பே வண்டி ஏற வேண்டும். இதற்கு அஞ்சித்தான் பலர் இரண்டாவது லிட்டரை முந்தைய இரவே முடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாற்ற வேண்டியது மருந்தை அல்ல, சோதனை நேரத்தை. நண்பகல் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம்: முந்தைய மாலை ஆறு மணிக்கு முதல் லிட்டர், காலை ஆறு மணிக்கு இரண்டாவது, கால் மணிக்கு ஒரு டம்ளராக ஏழுக்குள் முடியும். ஒன்பது மணிக்குள் பெரும்பாலோருக்கு வேகம் தணிந்துவிடும், பிறகு கிளம்பலாம். அடங்காதவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் கழிப்பறை உள்ள எக்ஸ்பிரஸ் வண்டியைப் பார்க்க வேண்டும், அல்லது முந்தைய இரவே சென்னையில் தங்க வேண்டும்.

மலம் சிறுநீர்போல் மஞ்சளாய்த் தெளிந்ததா, கலங்கலாய்ப் பழுப்பாய் நிற்கிறதா என்பதையும் தாள் கேட்க வேண்டும். பழுப்பு என்றால் வண்டி ஏறுமுன் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் அதில் வேண்டும். பல தாள்களில் இருப்பது வரவேற்பறை எண், அதுவும் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் எடுப்பார்கள்.