ஏழு ஐம்பத்தைந்துக்கு இறங்குகிறவர்கள்

பூந்தமல்லியிலிருந்து போரூர், கிண்டி, அண்ணா சாலை வழியாகப் பிராட்வே போகும் 54-ஆம் எண் பேருந்தை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேருந்தில் யார் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று பணிமனையில் எழுதிவைக்கும் டூட்டிப் பட்டியலைப் பயணிகள் பார்த்திருக்க மாட்டார்கள். நல்ல கைக்காரர் ஒருவர் போட்ட பட்டியலில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காரணம் இருக்கும். அதைத் தெரிந்து படிப்பது ஒரு தனி ரசனை.

அந்தப் பட்டியலுக்கு எல்லை கட்டியது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். 2020-இல் வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது பின்னர் சேர்க்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு எளியது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் அரை மணியாவது ஓய்வு. வேலையை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. முதல் கையெழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை, ஓய்வையும் சேர்த்து, பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி வரம்பைத்தான் ஸ்ப்ரெட் ஓவர் என்கிறார்கள்.

ஒரு டூட்டியைப் போட்டுப் பார்ப்போம். நேரங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஓட்டுநரும் நடத்துநரும் காலை 4.40-க்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். வண்டியைச் சரிபார்க்க, டிக்கெட் கருவியை வாங்க இருபது நிமிடம். 5.00-க்குப் புறப்பட்டு 6.20-க்குப் பிராட்வே. பத்து நிமிடம் நின்று, 6.30-க்குத் திரும்பினால் 7.55-க்குப் பூந்தமல்லி. மறுபடி 8.05-க்குப் புறப்பட்டால், நெரிசலில் நூறு நிமிடம் பிடித்து, பிராட்வேயில் 9.45.

4.40 முதல் 9.45 வரை ஐந்து மணி ஐந்து நிமிடம். வரம்பை மீறுவது வெறும் ஐந்து நிமிடம்தான். கைத்தேர்ச்சி இல்லாதவர் இங்கே பிராட்வே நிறுத்தத்தைப் பத்திலிருந்து ஐந்தாக்கிச் சரிக்கட்டிவிடுவார். தாளில் சரியாக ஐந்து மணி வந்துவிடும். ஆனால் மெட்ரோ தூண்கள் எழுந்த ஆண்டுகளில் போரூரைக் கடந்தவர்களுக்குத் தெரியும், ஐந்து நிமிடம் எங்கே போகும் என்று. அந்த டூட்டி ஒவ்வொரு நாளும் சட்டத்தை மீறும். பட்டியலில் மட்டும் மீறாது.

7.55-க்கே பூந்தமல்லியில் ஓய்வு கொடுத்துவிடலாமா? கொடுத்தால் அலுவலகக் கூட்டம் நிற்கிற நேரத்தில் வண்டி அரை மணி சும்மா நிற்கும். நல்ல கைக்காரரின் விடையை நான் மிகவும் ரசிப்பது இந்த இடத்தில்தான். அவர் ஆளை வண்டியிலிருந்து பிரிக்கிறார். 7.55-க்கு வந்தவர்கள் இறங்கிச் சாப்பிடப் போகிறார்கள். அதே வண்டி 8.05-க்கே கிளம்புகிறது, அதை எடுப்பவர்கள் 7.25-க்கு வேறொரு வண்டியில் வந்து இறங்கி, அரை மணி ஓய்வை முடித்தவர்கள். 7.55-க்கு இறங்கியவர்களோ அடுத்து வரும் வண்டி ஒன்றை 8.35-க்கு எடுக்கிறார்கள். பிராட்வேயில் 10.15, திரும்பி வர 12.00, வசூல் கட்டிவிட்டு 12.20-க்குக் கையெழுத்து. அரை மணி ஓய்வு போக, வேலை ஏழு மணி பத்து நிமிடம். எந்தத் துண்டும் நாலு மணியைத் தொடவில்லை, எந்த வண்டியும் ஆளுக்காகக் காத்திருக்கவில்லை.

இந்தச் சங்கிலியின் தொடக்கத்துக்கு மட்டும் ஆள் தேவை. 7.25-க்கும் 7.40-க்கும் வந்து நின்ற வண்டிகளை யார் எடுப்பது? அதற்குத்தான் ஸ்ப்ளிட் டூட்டி. காலை 7.15-க்குக் கையெழுத்து, 7.35-க்கு வண்டி, ஒரு சுற்று முடித்து 11.10-க்கு விடுதலை. பிற்பகல் 3.10-க்கு மறுபடி வந்து, 3.30-க்குப் புறப்பட்டு, 6.55-க்குத் திரும்பி, வசூல் கட்டி 7.15-க்கு வீடு. காலைத் துண்டு மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடம். மாலைத் துண்டு நாலு மணி ஐந்து நிமிடம். கூட்டினால் எட்டு மணி, ஒரு நிமிடம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஸ்ப்ரெட் ஓவரும் சரியாகப் பன்னிரண்டு.

முதல் பார்வையில் இது கச்சிதமாகத் தெரியும். எனக்கு இது பிடிக்கவில்லை. கடைசி நடை இருபது நிமிடம் தாமதித்தால் எட்டும் போயிற்று, பன்னிரண்டும் போயிற்று. எட்டைத் தாண்டியதற்கு மிகைநேரக் கூலி உண்டு. பன்னிரண்டைத் தாண்டினால் அந்த மனிதர் வீட்டில் செலவிட வேண்டிய நேரம் போகிறது. அனுபவப்பட்டவர் மாலைத் துண்டை இருபது நிமிடம் முன்னே இழுப்பார். பிராட்வேயிலிருந்து 5.15-க்குக் கிளம்ப வேண்டியது 4.55-க்குக் கிளம்பும். மாலைக் கூட்டத்தில் கொஞ்சம் விட்டுப்போகும். அதைத் தெரிந்தே விடுகிறார், பின்னால் வரும் மதிய டூட்டி வண்டியை அந்த இடத்துக்குச் சரிசெய்துகொண்டு.

ஆள் மாற்றும் இடத்துக்கும் காரணம் உண்டு. பேருந்து கிண்டியைக் கடந்துதானே போகிறது, அங்கேயே ஆள் மாற்றினால் என்ன என்று தோன்றும். கையெழுத்திடும் இடத்திலிருந்து வண்டியை எடுக்கும் இடம் வரை போகிற பயணத்தையும் சட்டம் வேலை நேரத்தில் சேர்க்கிறது. பூந்தமல்லி ஆள் கிண்டி போய்த் திரும்புவதற்குள் ஒரு நடைக்கான நேரமே கரைந்துவிடும். அதனால் மாற்றம் பூந்தமல்லியிலேயே. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கவனிக்க வேண்டியது வேறு. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலைகள் மதியம் இரண்டு மணியை ஒட்டி ஆள் மாறும். காலை டூட்டிக்காரர்களும் ஏறக்குறைய அப்போதுதான் இறங்குவார்கள். இரண்டும் மோதாதபடி ஆள் மாற்றத்தை ஒன்றரைக்கு முன்னே தள்ளிவைத்திருந்தால், போட்டவர் அந்த ஊரை அறிந்தவர் என்று சொல்லிவிடலாம்.

சட்டத்தில் நான் திரும்பத் திரும்ப ரசிக்கும் ஒரு வரையறை உண்டு. முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் வேலை நேரம். மேலே சொன்ன பத்து நிமிட நிறுத்தங்களெல்லாம் அப்படித்தான் கணக்கில் ஏறின. ஸ்டியரிங்கை விட்டு இறங்கி ஒரு டீ குடிப்பவர் இன்னும் டூட்டியில்தான் இருக்கிறார் என்று அந்த வரி ஒப்புக்கொள்கிறது. ஒரு பட்டியலில் நிறுத்தங்களெல்லாம் வரிசையாகச் சரியாகப் பதினைந்து என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும்: வேலை நேரம் தாளில் குறைந்திருக்கும், ஆள் இருக்கும் இடம் மாறியிருக்காது.

பட்டியல் கெட்டிருக்கிறதா என்று அறிய மிகைநேரப் பதிவேட்டைப் பார்த்தால் போதும். மிகைநேரம் ஒரே ஆளைத் தொடர்ந்து வந்தால் அது ஆளின் விஷயம். யார் போனாலும் ஒரே டூட்டி எண்ணில் வந்தால், அந்த நடைக்கு எழுதிய ஓட்ட நேரம் பொய். கடைசி நடை அடிக்கடி வெட்டப்படுகிறதென்றாலும் அதுவே காரணம். திருத்த வேண்டியது ஓட்டுநரை அல்ல, அந்த நூறு நிமிடத்தை.

ஆகவே ஒரு டூட்டிப் பட்டியல் கைக்குக் கிடைத்தால் நான் எட்டு மணி நேரமும் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பதில்லை. அரை மணி ஓய்வு எங்கே விழுகிறது, அப்போது அந்த வண்டியை யார் எடுக்கிறார், பன்னிரண்டு மணி நேர வரம்புக்கு முன்னே எத்தனை நிமிடம் மிச்சம் விட்டிருக்கிறார் என்று பார்ப்பேன். போட்டவரின் கைத்திறன் அந்த மூன்று இடத்திலேயே தெரிந்துவிடும்.