சால்வர் சொல்லும் நிழல் விலை

ஒரு மரப்பட்டறைக் கணக்கு. நாற்காலிக்கு லாபம் 500 ரூபாய்; 2 இயந்திர மணி, 1 கன அடி மரம் பிடிக்கும். மேசைக்கு லாபம் 900. 3 மணி, 3 கன அடி. கையிருப்பு 120 மணி, 90 கன அடி.

லாபம் கூடுதலென்று மேசையையே செய்தால் 30 மேசையில் மரம் தீர்ந்துவிடும், லாபம் 27,000. எக்செல் சால்வரில் Simplex LP தேர்ந்தெடுத்தால் 30 நாற்காலி, 20 மேசை, 33,000 என்று வருகிறது. மணியும் மரமும் மிச்சமில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது Sensitivity அறிக்கை. அதில் Shadow Price என்ற நெடுவரிசையில் இயந்திர மணிக்கு எதிரே 200 நிற்கும். ஒரு மணி கூடினால் லாபம் 200 ஏறும் என்று பொருள். அந்த மணிக்கு ஓவர்டைம் கூடுதல் செலவு 150 என்றால் தாராளமாக ஓட்டலாம். இந்த விலை இன்னும் 60 மணி வரைதான் செல்லும். அதற்குள் மேசையே இல்லாமல் போய்விடும். முழு எண் கட்டுப்பாடு போட்டால் இந்த அறிக்கையே கிடைக்காது. அதனால் முதலில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி ஓட்டிப் பார்ப்பேன்.