ஒன்பது கட்டளைகளும் ஒரு தகரமும்

பெங்களூருவில் உறவுக்காரர் கல்யாணம். மண்டபத்து அடுக்களைச் சுவரில், உதவியாளர்களுக்காகத் தலைமைச் சமையல்காரர் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டிய தாளொன்றைப் பார்த்தேன். மூன்று பந்திக்கு 800 மெதுவடை, பிறகு அப்பளம். ஒன்பது கட்டளைகள்.

அதில் சிறந்தது இரண்டாவது: முக்கால் பதத்தில் எடுத்துவை, பந்தி உட்காரும்போது மறுபடி போடு. முதல் பொரிப்பில் உள்மாவு வெந்துவிடும். இரண்டாவதில், நின்ற நேரத்தில் மேல்தோலுக்கு ஊறி வந்த ஈரம் ஆவியாகும். மொறுமொறுப்பு அப்படித்தான் திரும்புகிறது. முக்கால் பத வடை எத்தனை நேரம் காத்திருக்கலாம் என்பதைத் தாள் சொல்லவில்லை. ஈரமான உளுந்து மாவு. அரைமணிக்கு மேல் வெளியில் நிற்க நான் விடமாட்டேன்.

ஐந்தாவது கட்டளை இதற்கு நேர்விரோதம்: 'எடுத்ததும் ஹாட் பாக்ஸில் போட்டு மூடு'. சூடு நிற்கும், உண்மை. ஆனால் வடையிலிருந்து கிளம்பும் ஆவி மூடியில் நீராகி, அதன்மேலேயே சொட்டும். மூடியைத் திறந்து பார்த்தேன்: மேலடுக்கு வடைகளின் தோல், தோசை மடிப்புபோலத் துவண்டிருந்தது. கம்பி வலையில் ஒற்றை அடுக்காக நாலைந்து நிமிடம் ஆவி போகவிட்டு, பிறகு மூடியைச் சற்றே விலக்கி வைத்தால் போதும்.

எண்ணெய் பற்றிய கட்டளைதான் விவாதத்துக்குரியது: 'குறையக் குறையப் புது எண்ணெய் ஊற்று'. வடைக்கடையில் இது நல்ல விதி. நாள் முழுதும் வடை குடித்ததற்கு ஈடாக ஊற்றிக்கொண்டே போனால், வாணலி எண்ணெயில் பெரும்பங்கு புதிதாகிவிடும். கல்யாணக் கணக்கு வேறு. வடைக்கு 5 மில்லி என்று வைத்தால் 800 வடைக்கு 4 லிட்டர். வாணலியில் இருந்ததோ 20 லிட்டர். கடைசி வடை வரும்போதும் ஐந்தில் நாலு பங்கு காலையில் காய்ந்த அதே எண்ணெய்தான். பத்து லிட்டர் வாணலி ஒன்றில் தொடங்கி, நெரிசலான பந்திக்கு மட்டும் இரண்டாவதை ஏற்றியிருந்தால் இந்தச் சுழற்சிக்கு ஓர் அர்த்தம் வந்திருக்கும். வேகம் கொஞ்சம் குறையும். அதிகாலையில் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அப்பளத்தைக் கடைசியில் வைத்தது சரி. அதன் உப்பும் காரமும் மாவுத்தூளும் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும்.

எப்போது நிறுத்துவது? 'கறுத்தால்' என்கிறது தாள். நிறம் ஏமாற்றும். நல்ல எண்ணெயில் வடை போட்டதும் எழும் பெரிய குமிழி உடனே உடையும். வடையை எடுத்த பிறகும் பொடிநுரை அடங்காவிட்டால், வழக்கத்துக்கு முன்பே புகைந்தால், எண்ணெயின் ஆயுள் தீர்ந்தது என்று பொருள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல், எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மண்டபத்தில் அளக்கும் கருவி இல்லை. நுரையைப் பார்க்கக் கண் இருக்கிறது.

மதியம், வடிகட்டிய எண்ணெயைத் தகரங்களில் ஊற்றி வேனில் ஏற்றினார்கள். அடுத்த முகூர்த்தம் நாளைக்கே. தகரத்தின் மேல் தேதி இல்லை. தாளிலும் அதற்கொரு பத்தாவது கட்டளை இல்லை.