முதலில் வேலை, பிறகு பயிற்சி

தீவிர மனநோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்கான வேலைத் திட்டங்கள் நம் பக்கம் பெரும்பாலும் பயிற்சிக்கூடத்தில்தான் தொடங்குகின்றன. மெழுகுவத்தி ஊற்றுவது, காகித உறை ஒட்டுவது, பிறகு 'தயாரானதும்' வெளியே அனுப்புவது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தொழில் சிகிச்சைக் கூடம் போன்றவை, வார்டில் முடங்கிக் கிடந்தவர்களின் கைக்கு வேலை கொடுத்தன. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் மனச்சிதைவு நோய் கவனத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கிறது. ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்துக்குக் கொண்டுபோவது அந்த நோயர்களுக்குக் கடினம். உறை ஒட்டக் கற்றவர் உறை ஒட்டுபவராகவே ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட்டவர்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும். அவர்கள் முறையில், நோயர் வேலை செய்ய விரும்புகிறாரா என்பது ஒன்றே தகுதி. சுமார் ஒரு மாதத்துக்குள், அவர் விரும்பும் துறையில், எல்லோரும் வாங்கும் கூலிக்கு, உண்மையான வேலை தேடத் தொடங்க வேண்டும். பயிற்சி அந்த வேலையிடத்திலேயே நடக்கும். வேலைத்துணையாளர் ஒருவர் அதிகபட்சம் 20 பேரைக் கவனிப்பார், மருத்துவக் குழுவோடு ஒரே மேசையில் உட்காருவார். துணைக்குக் கெடு கிடையாது.

2007-இல் லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு இதை ஆறு நகரங்களில் 312 பேரிடம் சோதித்தது. இந்த முறையில் 55 விழுக்காட்டினர் வேலைக்குப் போனார்கள், வழக்கமான பயிற்சி முறையில் 28 விழுக்காட்டினர். மருத்துவமனைக்குத் திரும்பியவர்களும் குறைவு. முன்மொழிவுகளில் இந்த 55 மட்டும் பளிச்சென்று நிற்கும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு நாள் வேலை செய்தவரும் சேர்த்தி. இன்னொன்றையும் ஆய்வு சொன்னது: ஊரில் வேலையின்மை எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பலன் பெரிதும் மாறியது. காரைக்காலை மையமாக வைத்து இப்படியொரு திட்டம் வகுப்பவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். வாஞ்சூர்ப் பக்கம் துறைமுகமும் தொழிற்சாலைகளும் உண்டு. மற்றபடி மீன், வயல், கடை, சித்தாள் வேலை. விண்ணப்பமும் நியமன ஆணையும் இல்லாமல், தெரிந்தவர் சொல்லிக் கிடைக்கும் வேலைகள். இது பாதகம் என்று தோன்றும், ஆனால் நான்கு மணி நேரம் மட்டும் வருகிறேன் என்று ஒரு வலைக்கொட்டகையில் பேசி முடிப்பது தொழிற்சாலையில் கேட்பதைவிட எளிது. உண்மையான பாதகம் வேறு. நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நோயரே முடிவு செய்யலாம் என்கிறது அந்த முறை. சிற்றூரில் அந்தத் தெரிவே இல்லை, முதலாளிக்கு ஏற்கெனவே தெரியும். இங்கே வேலைத்துணையாளரின் பாதி உழைப்பு, முதலாளியின் மனதில் இருக்கும் நோய்க்காலக் காட்சியோடு போராடுவதில்தான் போகும்.

மீனவக் குடும்பத்து இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்வோம். மனச்சிதைவுக்கு இரவில் மாத்திரை சாப்பிடுகிறார், கடலுக்குப் போக ஆசை. விடியுமுன் படகேற வேண்டும், மாத்திரையின் மயக்கம் அப்போதும் தெளிந்திருக்காது. விருப்பத்தை மதிப்பதென்றால் உடனே ஏற்றிவிடுவதல்ல, கடற்கரையை விட்டு விலக்குவதும் அல்ல. வலை பழுது பார்க்கும் வேலையில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கலாம். மூன்றாவது வாரம் தாமதமாக வருகிறார், நண்பகலில் தூங்கிவிடுகிறார். 'சோம்பேறி' என்று முதலாளி சொல்லும் முன், துணையாளர் அதை மருத்துவரிடம் கொண்டுபோனால், மாத்திரையைப் பதினொரு மணியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றிப் பார்க்க முடியும். இருவரும் ஒரே குழுவில் இல்லாவிட்டால் இந்தச் செய்தி போய்ச் சேராது, வேலைதான் போகும்.

வெயில் இன்னொரு சிக்கல். சில மனநோய் மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடல்சூட்டை ஏற்றுகின்றன. இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் உழைத்தால், அது ரத்தத்தில் கூடி நச்சாகும். கை நடுக்கமும் வயிற்றுப்போக்கும் தள்ளாட்டமும் அதன் அறிகுறிகள். குளிர்நாட்டில் எழுதிய வழிகாட்டியை அப்படியே எடுத்தால் இதெல்லாம் விடுபட்டுப்போகும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு முரண் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேலை இட ஒதுக்கீட்டில் மனநோயையும் சேர்த்துக்கொண்டது பெரிய முன்னேற்றம். ஆனால் இட ஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு ஊனம் என்ற சான்று வேண்டும், அந்த அளவீட்டில் வேலை செய்யும் திறனும் ஒரு கூறு. நன்றாக வேலை செய்தால் அடுத்த மதிப்பீட்டில் சான்று கைநழுவுமோ என்ற பயம் குடும்பத்துக்கு வருவது நியாயமே. இதற்கு ஒரு பதில் இல்லாமல் திட்டம் தொடங்கினால், தாயே மகனை வீட்டில் நிறுத்திவைப்பார்.

நான் இந்த முறையை ஆதரிக்கிறேன். எதிர்ப்பது, வேலை வாங்கிக் கொடுத்தவுடன் கணக்கை முடித்து, துணையாளரை ஓராண்டு ஒப்பந்தத்தில் வைக்கும் வழக்கத்தை. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதற்குப் பதிலாக, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், வேலையை விட்டவர்களுக்கு எத்தனை நாளில் அடுத்த வேலை தேடப்பட்டது என்ற இரண்டு கேள்விகளை முன்மொழிவிலேயே எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, துணையாளர் அப்போதும் பணியில் இருந்தாக வேண்டும்.